லீப் ஆண்டு மார்ச் ஏன் சரிவாகத் தெரிகிறது? கடந்த ஆண்டோடு ஒப்பிடும் ரிப்போர்ட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீப் ஆண்டு என்றதும் எல்லோருக்கும் பிப்ரவரிதான் நினைவுக்கு வரும். ஒரு நாள் கூடுதல், அதனால் மொத்தம் கொஞ்சம் ஏறியிருக்கும் என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு குறிப்பும் போட்டுவிடுவார்கள். அடுத்த மாதத்துக்கு அப்படி ஒரு குறிப்பு போடுகிறவர்கள் குறைவு. 31 நாளுக்கு 31 நாள், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் உண்மையான குழப்பம் அந்த மார்ச்சில்தான் இருக்கிறது. ரிப்போர்ட் தானாகவே தயாராகித் தினமும் மின்னஞ்சலில் போகிறது என்றால், அந்தக் குழப்பம் யார் கண்ணும் படாமல் நேராக மேலதிகாரிகளின் கைக்குப் போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சேவைக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 1000 ஆர்டர், சனி ஞாயிறுகளில் நாளுக்கு 400 ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2023, 2024 இரண்டு ஆண்டிலும் இதே அளவுதான், வளர்ச்சியும் இல்லை, சரிவும் இல்லை. அப்படியானால் ரிப்போர்ட் 0% என்றுதான் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 2023இல் 20 வேலை நாள், 8 வார இறுதி நாள். மொத்தம் 23,200. பிப்ரவரி 2024இல் 29ஆம் தேதி வியாழக்கிழமை கூடுதலாக வந்ததால் 24,200. ரிப்போர்ட் 4.3% உயர்வு என்கிறது. அடுத்து மார்ச். 2023 மார்ச்சில் 23 வேலை நாளும் 8 வார இறுதி நாளும் இருந்தன, மொத்தம் 26,200. 2024 மார்ச்சில் 21 வேலை நாள், 10 வார இறுதி நாள், மொத்தம் 25,000. ரிப்போர்ட் 4.6% சரிவு என்கிறது. எதுவுமே மாறாத ஒரு தொழில், அடுத்தடுத்த இரண்டு மாதத்தில் ஏறி இறங்கியது போலத் தெரிகிறது. இதைப் பார்த்துவிட்டு, மார்ச்சில் என்ன ஆயிற்று என்று விசாரணைக் கூட்டம் போட்டால் காரணம் எதுவும் கிடைக்காது. யாராவது ஒரு காரணத்தைச் சொல்லி வைப்பார்கள், அதுவே உண்மையாக நிலைத்துவிடும். அதுதான் எனக்கு இதில் பெரிய கவலை.

இது ஏன் நடக்கிறது? 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் ஒரே தேதி ஆண்டுக்கு ஒரு கிழமை தள்ளி வரும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். 2023 மார்ச் 1 புதன், 2024 மார்ச் 1 வெள்ளி. 31 நாள் மாதத்தில் முதல் மூன்று நாளின் கிழமைகள் ஐந்து முறை வரும், மற்றவை நான்கு முறைதான். 2023இல் புதன், வியாழன், வெள்ளிக்கு ஐந்து முறை கிடைத்தது. 2024இல் அது வெள்ளி, சனி, ஞாயிறுக்குப் போய்விட்டது. நாட்களின் எண்ணிக்கை அப்படியே இருக்க, இரண்டு வேலை நாள் போய் இரண்டு விடுமுறை நாள் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாதத் தொடக்கத்தில் இன்னும் மோசம்

மாதத்தின் முதல் தேதியிலிருந்து இன்று வரை என்று கூட்டிக் காட்டும் ரிப்போர்ட்டில் இந்தக் கிழமை வித்தியாசம் பல மடங்கு பெரிதாகத் தெரியும். அதே சேவையையே எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச் 1 முதல் 3 வரை வெள்ளி, சனி, ஞாயிறு, மொத்தம் 1,800. முந்தைய ஆண்டு அதே தேதிகள் புதன், வியாழன், வெள்ளி, மொத்தம் 3,000. திங்கள் காலை மின்னஞ்சலைத் திறந்தால் 40% சரிவு, சிவப்பு நிறத்தில். பத்தாம் தேதியிலும் 7,600க்கு எதிரே 8,800, அதாவது 13.6% சரிவு. மாதம் முடியும்போதுதான் அது 4.6%க்கு வரும். இதை நாள்தோறும் பார்க்கிறவர், நிலைமை மெல்ல மெல்லச் சீராகி வருகிறது என்று நம்பிவிடுவார். சீராவதற்கு அங்கே எதுவும் கெட்டிருக்கவில்லை.

நாள் சராசரி போட்டால் போதும் என்ற எண்ணம்

இதுதான் பலரும் முதலில் செய்யும் திருத்தம். மொத்தத்தை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து ஒப்பிடுவார்கள். பிப்ரவரியில் இது ஓரளவு உதவும், 4.3% உயர்வு 0.7% ஆகச் சுருங்கும். மார்ச்சுக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டு பக்கமும் 31ஆல்தான் வகுக்கிறோம், 4.6% அப்படியே நிற்கும். பிரச்சினை நாட்களின் எண்ணிக்கையில் இல்லை, எந்தெந்தக் கிழமை எத்தனை முறை வந்தது என்பதில் இருக்கிறது.

‘ஓர் ஆண்டு முன்பு’ என்று எழுதும் இடம்

வினவலில் 365 நாளைக் கழிப்பது முதல் தவறு. 29 பிப்ரவரி 2024 முதல் 28 பிப்ரவரி 2025 வரை, எந்தத் தேதியிலிருந்து 365ஐக் கழித்தாலும் ஒரு நாள் பிசகிய தேதிதான் வரும். 2024 மார்ச் 1க்கு 2023 மார்ச் 2 வரும். தேதியும் பொருந்தாது, கிழமையும் பொருந்தாது.

சரி, அப்படியானால் ஆண்டைக் கழிக்கலாமே என்றால், அங்கே இன்னொரு சிக்கல். PostgreSQLஇல் இப்படி நடக்கும்:

```sql
SELECT DATE '2024-02-28' - INTERVAL '1 year';  -- 2023-02-28 00:00:00
SELECT DATE '2024-02-29' - INTERVAL '1 year';  -- 2023-02-28 00:00:00
```

இரண்டு தேதிக்கும் ஒரே ஜோடி. நாள்வாரியாக இணைத்துவிட்டுப் பிறகு மாதத்துக்குக் கூட்டினால், 2023 பிப்ரவரி 28 இரண்டு முறை கூட்டப்படும். நம் உதாரணத்தில் முந்தைய ஆண்டின் மொத்தம் 23,200க்குப் பதில் 24,200 என்று வரும், வளர்ச்சி 0% என்று காட்டும். பார்க்கச் சரியான விடை போல இருப்பதால்தான் இது ஆபத்தானது. 2023 பிப்ரவரிக்கு ஏற்கெனவே அறிவித்த எண்ணோடு அது பொருந்தாது. அடுத்த ஆண்டு இதன் மறுபக்கம் வரும்: 2025 பிப்ரவரியின் எந்தத் தேதியும் 2024 பிப்ரவரி 29உடன் இணையாது, அந்த நாளின் 1,000 ஆர்டர் ஒப்பீட்டிலிருந்தே காணாமல் போகும். மாதவாரியாகக் கூட்டும் ரிப்போர்ட் 4.1% சரிவு என்று சொல்லும்போது, நாள்வாரி இணைப்பில் எழுந்த ரிப்போர்ட் மாற்றமே இல்லை என்று சொல்லும். ஒரே தரவை வைத்து இரண்டு குழுக்கள் சண்டை போடுவது இப்படித்தான்.

மற்ற கருவிகளின் போக்கு இன்னும் வேறு. பைத்தானில் `date(2024, 2, 29).replace(year=2023)` என்றால் `ValueError` வந்து அன்றைய ரிப்போர்ட்டே நின்றுவிடும். எக்செலில் `EDATE` பிப்ரவரி 28ஐத் தரும், `DATE(YEAR(A1)-1,MONTH(A1),DAY(A1))` மார்ச் 1ஐத் தரும். இவற்றில் நின்றுபோவதுதான் நல்லது, பிழை இருப்பதாவது தெரிந்துவிடும்.

364 நாள், அதன் எல்லை

நாள் அல்லது வார ரிப்போர்ட்டுக்கு 364 நாளைக் கழிப்பது நல்ல வழி. 364 சரியாக 52 வாரம், ஆகவே வெள்ளிக்கு வெள்ளி வரும். 2024 மார்ச் 1–31க்கு எதிரே 2023 மார்ச் 3 முதல் ஏப்ரல் 2 வரை நிற்கும், மொத்தம் 25,000, வித்தியாசம் 0%.

ஆனால் தேதியை ஒட்டி நடக்கும் விஷயங்கள் இதில் இடம் மாறிவிடும். மாதத்தின் முதல் தேதியில் சந்தா வசூலாகிறது என்றால், 2023 ஏப்ரல் 1இன் அந்த உயரமான எண் 2024 மார்ச் 30க்கு எதிரே போய் நிற்கும். மாதக் கடைசி நெரிசலுக்கும் இதே கதிதான். கிழமையைச் சார்ந்த அளவுக்கு 364, தேதியைச் சார்ந்த அளவுக்குத் தேதி என்று ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் மாறும் பண்டிகை விடுமுறைகளுக்கு இந்த இரண்டுமே உதவாது, அவற்றுக்குத் தனிப் பட்டியல்தான் வழி.

364ஐயே பல ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பின்னால் போனாலும் பிசகும். 2024 மார்ச் 1இலிருந்து ஐந்து முறை 364ஐக் கழித்தால் 2019 மார்ச் 8 வரும், ஒரு முழு வாரம் தள்ளி. வார எண்ணால் ஒப்பிடுகிறவர்கள் 53ஆவது வாரத்தையும் கவனிக்க வேண்டும். ஐஎஸ்ஓ முறையில் 2020க்கு 53 வாரம் உண்டு, 2026க்கும் உண்டு. 2026இன் 53ஆவது வாரம் டிசம்பர் 28 முதல் 2027 ஜனவரி 3 வரை, அதற்கு 2025இல் அதே எண்ணில் ஜோடி கிடையாது. இணைப்பு அந்த வாரத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், அல்லது வகுக்க எண் இல்லாமல் காலியாகக் காட்டும்.

மாத ரிப்போர்ட்டுக்கு நான் பரிந்துரைப்பது

முந்தைய ஆண்டின் அந்த மாதத்தில் ஒவ்வொரு கிழமைக்கும் சராசரி எவ்வளவு என்று எடுங்கள். இந்த ஆண்டு அந்தக் கிழமை எத்தனை முறை வந்ததோ அதனால் பெருக்கிக் கூட்டுங்கள். நம் உதாரணத்தில் 21 முறை 1000, 10 முறை 400, ஆக 25,000. நாட்காட்டி மட்டும் மாறியிருந்தால் வந்திருக்க வேண்டிய மொத்தம் இது. 26,200இலிருந்து 25,000க்கு இறங்கிய 4.6% நாட்காட்டியின் கணக்கு, 25,000க்கும் உண்மையில் வந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொழிலின் கணக்கு. ரிப்போர்ட்டில் இரண்டையும் தனித்தனி வரியில் காட்டுங்கள். திருத்திய எண்ணை மட்டும் காட்டினால் கணக்குப் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்ற கேள்வி உடனே வரும்.

ஒரு மாதத்தில் ஒரு கிழமைக்கு நான்கைந்து நாள்தான் கிடைக்கும். அதில் ஒன்று பொது விடுமுறை என்றால் சராசரி கெட்டுப்போகும். அந்த நாளை ஒதுக்கிவிட்டு, முன்பின் சில வாரங்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பது நல்லது. நீண்ட காலத் தரவு இருந்தால் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் X-13ARIMA-SEATS என்ற மென்பொருள் இதையே முறையாகச் செய்யும். கிழமை விளைவு, லீப் ஆண்டு விளைவு இரண்டுக்கும் அதில் தனி மாறிகள் உண்டு.

ஒரே திருத்தத்தை எழுதி வைத்து ஒவ்வொரு லீப் ஆண்டுக்கும் போடவும் முடியாது. 2027 மார்ச்சில் 23 வேலை நாள், 2028 மார்ச்சிலும் 23. ஒரு திங்களும் ஒரு செவ்வாயும் குறைந்து ஒரு வியாழனும் ஒரு வெள்ளியும் கூடுகிறது, அவ்வளவுதான். வார நாட்களெல்லாம் ஒரே அளவில் ஓடும் சேவைக்கு அது தெரியவே தெரியாது. வெள்ளியில் மட்டும் கூட்டம் கூடும் சேவைக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் ரிப்போர்ட் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள 2028 வரை காத்திருக்க வேண்டாம். வேலை நாளுக்கு 1000, வார இறுதிக்கு 400 என்று செயற்கைத் தரவை ஒரு சோதனை அட்டவணையில் நிரப்புங்கள். ‘இன்றைய தேதி’யை வினவலுக்கு உள்ளே `CURRENT_DATE` என்று புதைக்காமல் வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் 2024-02-29, 2024-03-03, 2024-03-31, 2025-02-28, 2027-01-03 ஆகிய தேதிகளுக்கு ஓட்டிப் பாருங்கள். வளர்ச்சியே இல்லாத தரவு இது, ஆகவே ரிப்போர்ட் காட்டும் 0 அல்லாத ஒவ்வொரு சதவீதமும் நாட்காட்டியிலிருந்து வந்ததுதான். 0 வந்தாலும் அதோடு நிறுத்தாமல், முந்தைய ஆண்டின் பத்தியைக் கூட்டி அந்த ஆண்டின் உண்மையான மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். இரட்டைக் கணக்கான பிப்ரவரி 28 அங்கேதான் பிடிபடும்.