தொங்கும் ஹாப்பரில் லோடு செல் எடை: கேலிப்ரேஷன், ஜீரோ, ஃபில்டர்

கோழித்தீவனத்துக்கு 25 கிலோ மக்காச்சோளக் குருணையை அளந்து கொட்டும் ஒரு சிறிய ஹாப்பர். காலி எடை 30 கிலோ. 100 கிலோ எஸ் வகை லோடு செல் ஒன்றில் தொங்குகிறது. சிக்னலைப் படிப்பது HX711 சிப், வேகம் நொடிக்கு 80 ரீடிங். இதை வைத்தே பார்ப்போம்.

முதலில் இரும்பு வேலை

2 மில்லிவோல்ட்/வோல்ட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு 100 கிலோவுக்குக் கிடைப்பது 10 மில்லிவோல்ட்தான். ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிவோல்ட். இவ்வளவு சின்ன சிக்னலில், ஹாப்பரை லேசாகத் தாங்கிப் பிடிக்கும் ஒரு காற்றுக் குழாய்கூட எடையைத் திருடிவிடும். வாயிலும் அடியிலும் தளர்வான கித்தான் துணி உறை போடுங்கள். கேட்டுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கிடைமட்டமாகத் தொய்வாக விடுங்கள்.

கேலிப்ரேஷன்

பவர் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு காலி ஹாப்பரின் ரீடிங்கைக் குறியுங்கள். முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல் இரண்டையும் ஹாப்பரின் இரு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு மறுபடி குறியுங்கள். நம் ஹாப்பரில் வந்த எண்கள்:

```
zeroCal = 1262400
40 kg   = 2937600
scale   = (2937600 - 1262400) / 40 = 41880
```

இதோடு நிறுத்திவிடாதீர்கள். ஏற்றும்போது 20 கிலோவில் ஒருமுறை, இறக்கும்போது அதே 20 கிலோவில் ஒருமுறை பாருங்கள். இரண்டுமே 2100000 பக்கத்தில் இருக்க வேண்டும். ஏறும்போது 2095800, இறங்கும்போது 2104200 என்று வந்தால் 8400 வித்தியாசம், அதாவது 0.2 கிலோ. இது பெரும்பாலும் எங்கோ உரசுகிறது என்பதற்கான அடையாளம். இதை ப்ரோகிராமில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். உரசும் இடத்தைத் தேடுங்கள்.

ஜீரோ நகர்வு

தகரக் கூரை சூடேற ஏற, காலி ஹாப்பரின் ஜீரோ மெதுவாக நகரும். ஒவ்வொரு கொட்டலுக்கும் முன் புது ஜீரோ எடுத்தால் போதும். ஆனால் கேட் மூடி, பொருள் வராமல், ரீடிங் அசையாமல் இருக்கும்போது மட்டும் எடுக்க வேண்டும். பொருள் சொட்டுச் சொட்டாக விழும்போது ஜீரோ திருத்தம் ஓடினால் அந்த எடையையும் விழுங்கிவிடும். இதில் `slow` என்பது கீழே ஃபில்டர் பகுதியில் வரும், சமன்படுத்திய ரீடிங்.

```cpp
if (gateClosed && !feeding && stable) {
  if (fabs(slow - zeroCal) < 0.5 * 41880)
    zero = slow;
  else
    alarm();
}
```

ஒப்பிடுவது போன தடவை ஜீரோவோடு அல்ல, கேலிப்ரேஷன் அன்று எடுத்த `zeroCal` உடன் என்பதைக் கவனியுங்கள். முந்தைய ஜீரோவோடு ஒப்பிட்டால் சுவரில் படிந்த மாவு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அலாரமே அடிக்காது. அலாரம் அடித்தால் ரப்பர் சுத்தியலால் ஹாப்பரைத் தட்டுங்கள். ரீடிங் சட்டென்று இறங்கினால் ஒட்டியிருந்த மாவு; அசையவில்லை என்றால் வயர், செல், உரசல் என்று பார்க்க வேண்டியதுதான்.

ஃபில்டர்

குருணை விழும் அதிர்வில் எண் ஆடும். தனியாகத் துள்ளும் ரீடிங்கை ஒதுக்க, கடைசி மூன்று ரீடிங்கில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டு, அதன்பின் சமன்படுத்துங்கள்:

```cpp
m = median3(raw);
fast += 0.20 * (m - fast);
slow += 0.02 * (m - slow);
```

இவற்றில் `zero`-வைக் கழித்து `scale`-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். ஏன் இரண்டு? ஃபில்டரை இறுக்க இறுக்க எண் அழகாக நிற்கும், ஆனால் பின்தங்கும். நொடிக்கு 2 கிலோ விழும்போது 0.20 ஃபில்டர் காட்டுவது உண்மை எடையைவிடச் சுமார் 100 கிராம் குறைவு. 0.02 ஃபில்டரிலோ சுமார் 1.2 கிலோ குறைவு! அதை நம்பி நிறுத்தினால் ஒவ்வொரு கொட்டலிலும் கூடுதலாக விழும். எனவே நிறுத்துவதற்கு `fast`, நின்றபின் எடையைப் பதிவதற்கு `slow`. திரையில் எண் ஆடுகிறது என்று நிறுத்தும் ஃபில்டரை இறுக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் திரைக்கு `slow` காட்டிவிடுங்கள்.

கேட்டை எப்போது மூடுவது

மேல் கேட்டை மூடியபிறகும் காற்றில் இருக்கும் குருணை வந்து விழும். 22 கிலோவில் வேகத்தைக் குறையுங்கள். முதல் தடவை 24.6-இல் மூடிவிட்டு, இரண்டு மூன்று நொடி கழித்து `slow` எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 25.2 நின்றால் 0.2 அதிகம்; அதில் பாதியை மட்டும் கழித்து அடுத்த தடவை 24.5-இல் மூடுங்கள். முழுவதையும் ஒரே தடவையில் கழித்தால், ஒருமுறை தற்செயலாக அதிகம் விழுந்ததற்காக அடுத்தது குறைந்து, எடை மாறி மாறி ஊசலாடும்.