பலவீனத்தைக் கேட்டால் எங்கே சறுக்குகிறோம்?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கிராணியாக இருந்தபோது, ஆள் எடுக்கும் நாட்களில் மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. "அபா கெலெமாஹான் அண்டா?" என்று மலாயில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். உங்கள் பலவீனம் என்ன என்று அர்த்தம். அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் முகம் அங்கே மாறும். அப்புறம் வருவது பெரும்பாலும் மனப்பாடம்.

"வேலையை எடுத்தால் முடிக்காமல் தூங்க மாட்டேன், அதுதான் என் பலவீனம்" என்பார்கள். பெருமைக்குக் குறை என்று பெயர் வைத்தால் கேட்பவருக்குத் தெரியாதா? காலையிலிருந்து நாலு பேர் இதையே சொல்லியிருப்பார்கள். ஒரு தவறு நடந்தால் அதைத் தன் தவறென்று இந்த ஆள் ஒத்துக்கொள்வாரா என்ற சந்தேகமும் அங்கேயே விழுந்துவிடும்.

நம் பிள்ளைகள் அதிகம் சொல்லும் இன்னொரு பதில், "என் இங்கிலீஷ் சுமார் சார்." பொய் இல்லைதான். ஆனால் பத்து நிமிடமாக உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது புதுச் செய்தியும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் நீங்கள் எப்படி என்பது அதில் தெரியாது.

உண்மையைச் சொல்கிறேன் என்று நேரே வேலையின் கழுத்தில் கத்தி வைப்பவர்களும் உண்டு. கணக்கு எழுதும் வேலைக்கு வந்து "எண்களில் அடிக்கடி தப்பு விடுவேன்" என்றால் பேச்சு அதோடு முடிந்தது. வீட்டுச் சண்டை, உடம்பு நோவு இதையெல்லாமும் அங்கே கொட்ட வேண்டியதில்லை. கேட்பது வேலைப் பழக்கத்தைப் பற்றித்தான்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். செம்பனை ஆலையில் எடை மேடைக் கிராணி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குலை ஏற்றிய லாரியை ஒரு தடவை, இறக்கிய பிறகு வெறும் லாரியை ஒரு தடவை எடை போட்டு, கழித்து, சீட்டு எழுத வேண்டும். அவள் கொண்டு வந்த பதில், "நான் ரொம்ப பர்ஃபெக்ட்." அதை ஓரமாக வைத்துவிட்டு, முன்பு வேலை செய்த ஹார்டுவேர் கடையில் எதற்குத் திட்டு வாங்கினாய் என்று கேட்டேன். முதலாளி போனில் வேகமாகச் சொன்ன குழாய் அளவு பாதிதான் புரிந்ததாம். திரும்பக் கேட்க வெட்கப்பட்டு, தானே ஊகித்து ஆர்டர் கொடுத்துவிட்டாள். குழாய் திரும்பிப் போனது, லாரி வாடகை கடைக்கு நஷ்டம்.

இதுதான் பதில் என்றேன். சேர்த்து எழுதியபோது இப்படி வந்தது: "புரியாவிட்டாலும் கேட்கத் தயங்குவேன். ஒரு தடவை குழாய் அளவைத் தப்பாக ஆர்டர் செய்தேன். அதிலிருந்து போனை வைக்கும் முன் அளவையும் எண்ணிக்கையையும் திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதிக்கொள்கிறேன். போனில் அந்தத் தயக்கம் போய்விட்டது. புது ஆட்களுக்கு முன்னால் இன்னும் இருக்கிறது. அதனால் சந்தேகங்களைக் குறித்து வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் கேட்டுவிடுவேன்." நிதானமாகச் சொன்னால் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

இந்தக் குறை வேலைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது, வாஸ்தவம். லாரி நம்பரும் சீட்டும் ஒத்துப்போகாதபோது கேட்காமல் விடுகிறவர் எடை மேடைக்கு ஆகாது. ஆனால் திருப்பிச் சொல்லும் பழக்கம் அந்த மேடைக்கே தேவையான பழக்கம் என்பதால், இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். மாற்றுவழி கையில் இல்லாதிருந்தால் வேறு குறையைத்தான் தேடச் சொல்லியிருப்பேன்.

"இன்னும் இருக்கிறது" என்ற இடத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டாள். அங்கேதான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். முன்பு இருந்தது, இப்போது சுத்தமாக இல்லை என்றால், அடுத்த கேள்வி காத்திருக்கும்: "கடைசியாக எப்போது அப்படி நடந்தது?" மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் கூரையைப் பார்ப்பார்கள். நடந்ததைச் சொல்பவருக்குத் தேதியும் ஆளும் தானாக வரும். கேள்வி மலாயில் வரலாம் என்பதால், அந்தக் குழாய்க் கதையை மலாயிலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். வரிகளைப் பாடம் பண்ண வேண்டாம், நடந்த வரிசை மட்டும் நினைவிருந்தால் போதும்.

கிளம்பும் முன், ஆலையில் கேட்பதுபோலவே நானும் கேட்டேன். கடைசியாக எப்போது?

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "இப்பதான் மாமா. வந்ததும் நீங்க செக்ரோல் செக்ரோல்னு ஏதோ சொன்னீங்களே, என்னன்னு தெரியாமலே தலையாட்டிட்டேன்."

ஆள் பெயர், வேலைக்கு வந்த நாள், சம்பளம் எழுதும் தோட்டத்துப் பதிவேடு அது. சொல்லிக் கொடுத்தேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.