விளம்பரம் என்று சொல்லியும் சொல்லாததுபோல் ஆகிவிடும் இடங்கள்

2015 மார்ச்சில் ஒரு வாரக்கடைசி. இன்ஸ்டாகிராமில் ஃபேஷன் பற்றிப் பதிவிடும் 50 பேர், ஒரே பெய்ஸ்லி டிசைன் உடையை அணிந்து படம் வெளியிட்டார்கள். லார்ட் அண்ட் டெய்லர் என்ற அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோரின் உடை அது. உடையை இலவசமாகக் கொடுத்து, ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை பணமும் கொடுத்திருந்தார்கள். கடையின் கணக்கைக் குறிப்பிட வேண்டும், #DesignLab என்ற ஹேஷ்டேக் போட வேண்டும் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தது. பணம் வாங்கியதைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. பதிவுகளைக் கடை முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தந்தது, சிலவற்றைத் திருத்தவும் செய்தது. இரண்டு நாளில் 1.14 கோடி பேர் பார்த்தார்கள். உடை விற்றுத் தீர்ந்தது.

அதே சமயத்தில் நைலான் என்ற இதழிலும் அந்த உடைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதற்கும் கடைதான் பணம் கொடுத்தது, வாசித்துப் பார்த்து ஒப்புதலும் கொடுத்தது. படிப்பவருக்கோ அது ஆசிரியர் குழு எழுதிய வழக்கமான கட்டுரை போலத்தான் தெரிந்தது. இப்படிச் செய்தியின் உடையைப் போட்டுக்கொண்டு வருவதைத்தான் நேட்டிவ் விளம்பரம் என்கிறோம். 2016 மார்ச்சில், நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்தைத் தடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது எஃப்.டி.சி, இரண்டையும் சேர்த்தே அந்தக் கடையின் மீது குற்றம் சாட்டியது. இனி இப்படிச் செய்வதில்லை என்று கடை உடன்பாட்டுக்கு வந்தது.

அந்த 50 பேரில் பலருக்கு அந்த உடை நிஜமாகவே பிடித்திருக்கலாம். ஆனால் பிடித்ததா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. "எனக்குப் பிடித்ததைத்தானே சொன்னேன், அப்புறம் எதற்கு விளம்பரம் என்று போட வேண்டும்?" என்பதுதான் இந்தத் துறையில் மிக அதிகமாகக் காதில் விழும் வாதம், மிகப் பெரிய தவறும் அதுவே. பார்ப்பவர் உங்கள் சொல்லை எடைபோடும்போது, உங்களுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்திருந்தால் அந்த எடை மாறுமா? மாறும் என்றால் சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான் சோதனை. நேர்மையான கருத்தாகவும் இருக்கலாம், அதே சமயம் விளம்பரமாகவும் இருக்கலாம்.

தொடர்பு என்றால் பணம் மட்டும் என்று நினைப்பது அந்தத் தவறின் தம்பி. இலவசமாக வந்த பொருள், நிறுவனச் செலவில் போன பயணம், உங்கள் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் வரும் கமிஷன், அங்கே வேலை பார்க்கும் கணவரோ தங்கையோ, எல்லாமே தொடர்புதான். "சும்மா அனுப்பினார்கள், எழுதச் சொல்லவே இல்லை" என்பதும் விலக்கு ஆகாது. எழுதச் சொல்லாவிட்டாலும் எழுதியிருக்கிறீர்கள், எழுதும்போது கையில் இருப்பது அவர்கள் கொடுத்த பொருள். சொந்தக் காசில் வாங்கி, எந்தத் தொடர்பும் இல்லாமல் எழுதினால் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை.

சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்களும் தடுக்கி விழுவது சொற்களில். ஒரு ஹெட்ஃபோனை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் இலவசமாக அனுப்பியது. தள்ளுபடி குறியீடு ஒன்றும் கொடுத்தது. அதைப் போட்டு யார் வாங்கினாலும் உங்களுக்குக் கமிஷன். பதிவு இப்படி இருக்கிறது:

"மூன்று வாரமாக இதில்தான் பாட்டு கேட்கிறேன், சத்தம் அவ்வளவு தெளிவு! இந்த அருமையான ஹெட்ஃபோனுக்கு நிறுவனத்துக்கு நன்றி. என் குறியீட்டைப் போட்டால் உங்களுக்குத் தள்ளுபடி. #இசை #ஹெட்ஃபோன் #collab #sp"

எழுதியவர் சொல்லிவிட்டதாகத்தான் நினைப்பார். ஆனால் நன்றி எதற்கு என்று தெரியவில்லை. கடையில் நல்ல பொருள் வாங்கியவரும் நன்றி சொல்வார். "sp" என்பது விளம்பர ஏஜென்சிக்காரருக்குப் புரியும், பாட்டு கேட்க வந்தவருக்குப் புரியாது. "collab" என்றால் சேர்ந்து ஏதோ செய்தார்கள் என்று மட்டும் தெரியும், காசு கைமாறியது தெரியாது. இந்தச் சுருக்கங்களைத் தவிர்க்கும்படி எஃப்.டி.சி பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. தள்ளுபடி குறியீடு இன்னும் நைசான விஷயம். பார்ப்பவருக்கு அது உதவி போலத் தெரியும். உங்களுக்கும் வருமானம் வருகிறது என்பது அதில் ஒளிந்துகொள்ளும்.

இதையே இப்படி எழுதலாம்: "விளம்பரம்: இந்த ஹெட்ஃபோனை நிறுவனம் எனக்கு இலவசமாக அனுப்பியது. என் குறியீட்டில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். மூன்று வாரமாக இதில்தான் பாட்டு கேட்கிறேன்..." சொல்லப்போனால் இதைப் படித்து யாரும் ஓடிவிடப் போவதில்லை. பதிவு தமிழில் இருந்தால் அறிவிப்பும் தமிழில் இருப்பதுதான் முறை. தமிழ் வீடியோவின் மூலையில் பொடி எழுத்தில் "#ad" என்று போட்டுவிட்டு, சொல்லிவிட்டேனே என்பது சரியாக வராது.

இரண்டாவது பதிவில் அறிவிப்பு முதல் வரியில் இருப்பதைக் கவனியுங்கள். சரியான சொல்லைத் தப்பான இடத்தில் வைத்தாலும் அது சொல்லாத கணக்குதான். நீளமான குறிப்பு திரையில் பாதியில் வெட்டப்பட்டு, மீதியைப் பார்க்க "மேலும்" என்பதைத் தொட வேண்டியிருக்கும். தொடாதவருக்கு அறிவிப்பு இல்லை. பத்துப் பதினைந்து ஹேஷ்டேக்குகளின் நடுவே செருகினாலும் அப்படியே. வீடியோவுக்குக் கீழே உள்ள விளக்கக் குறிப்பில் மட்டும் போடுவது போதாது. வீடியோவுக்குள்ளேயே பேச்சிலும் எழுத்திலும் வர வேண்டும், ஏனென்றால் சிலர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள், சிலர் திரையைப் பார்க்காமல் கேட்கிறார்கள். நேரலையில் தொடக்கத்தில் ஒருமுறை சொன்னால் நடுவில் வந்து சேர்பவருக்கு எப்படித் தெரியும்? அவ்வப்போது திரும்பச் சொல்ல வேண்டும். தளமே தரும் "கட்டணக் கூட்டாண்மை" போன்ற முத்திரை நல்லதுதான், ஆனால் அது போதுமான அளவு கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

நேட்டிவ் கட்டுரைகளில் இந்த இடப் பிரச்சினை வேறு மாதிரி வரும். இணையதளத்தில் கட்டுரைக்கு மேலே "விளம்பரதாரர் வழங்குவது" என்று இருக்கும். அதன் லிங்க்கை யாராவது பகிர்ந்தால் படமும் தலைப்பும் மட்டும் போகும், அந்த வரி பின்தங்கிவிடும். சொடுக்கும் முன்பே விளம்பரம் என்று தெரிய வேண்டும் என்றால் பகிரும்போது தெரியும் தலைப்பிலும் அந்தச் சொல் இருக்க வேண்டும்.

இனி "நேர்மையான விமர்சனம்" என்ற சொல்லுக்கு வருவோம். பொருளை இலவசமாகத் தந்துவிட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொண்டால், குறைகளையும் எழுத உங்களுக்கு இடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் "வெளியிடும் முன் ஒப்புதல் பெற வேண்டும்", "எதிர்மறையாகப் பேசக் கூடாது" என்று இருந்தால் அந்த இடம் போய்விட்டது. அதன் பிறகும் தலைப்பில் "நேர்மையான விமர்சனம்" என்று போட்டால், கீழே "விளம்பரம்" என்று எழுதியிருந்தாலும் ஏமாற்றுதான். பயன்படுத்தாத பொருளைப் பயன்படுத்தியதாகச் சொல்வதையும் எந்த அறிவிப்பும் காப்பாற்றாது. பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டதால் பொய் சொல்ல உரிமை வந்துவிடாது.

முதலீடு சம்பந்தப்பட்ட பதிவுகளுக்கு விதி இன்னும் கடுமை. 2021இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கார்டாஷியன் ஒரு கிரிப்டோ டோக்கனைப் பற்றி இன்ஸ்டாகிராமில் பதிவிட்டபோது "#ad" என்று போட்டுத்தான் இருந்தார். ஆனால் வாங்கிய தொகை 2,50,000 டாலர் என்பதைச் சொல்லவில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் நடவடிக்கை எடுக்க, 2022 அக்டோபரில் 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்.

நடைமுறையில் நிறைய சிக்கல் ஒப்பந்தம் பேசும்போதே தீர்ந்துவிடும். அறிவிப்பு எந்தச் சொல்லில், எந்த இடத்தில் வரும் என்பதை நீங்களே எழுதிக் கொடுத்து, அதை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். "அந்த வரியைக் கொஞ்சம் கீழே தள்ளிவிடலாமா, ரீச் குறையுது" என்று கேட்கும் நிறுவனம், சிக்கல் வந்தால் விதிமீறலை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போகக்கூடும். அந்த வேலையை விட்டுவிடலாம்.