தோல்வியைக் கரும்பலகையில் கணக்காக எழுதிக் காட்டுங்கள்

பள்ளி மாணவர்களிடம் பேச அழைக்கப்படும் சிறுதொழில் செய்வோர், தம் தோல்வியைக் கதையாகச் சொல்வதைவிட, ஒரே ஒரு நாளின் கணக்காகக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது நல்லது. வேளச்சேரியில் இட்லி மாவு விற்கும் நான் அப்படித்தான் செய்தேன். ஒரு பாக்கெட்டின் அடக்கவிலை 32 ரூபாய், கடைக்குக் கொடுக்கும் விலை 40 ரூபாய் என்று எழுதியதும், 50 பாக்கெட்டுக்கு 400 ரூபாய் லாபம் என்று மாணவர்களே சொன்னார்கள். சித்திரை வெயிலில் மாவு புளித்து, பாக்கெட் உப்பி, 12 பாக்கெட்டுகள் திரும்பி வந்தன என்றபோது, 1,600 ரூபாய் செலவுக்கு 1,520 ரூபாய்தான் வரவு என்பதை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். பத்துக்கு மேல் திரும்பினாலே நட்டம் என்பதும் அதிலேயே விளங்கியது. அதன்பின்தான், கோடையில் கடைகளுக்குக் காலையும் மாலையும் பாதிப் பாதியாகக் கொடுக்கத் தொடங்கியதைச் சொன்னேன்.