தொலைந்த லேப்டாப் சார்ஜருக்கு மாற்று வாங்கும்போது
சார்ஜர் தொலைந்துவிட்டால், முதலில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் அச்சிட்டுள்ள மின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்கினால் வரும் 65 வாட்தான் தேவையான குறைந்தபட்சத் திறன். வோல்ட் மாறக் கூடாது. வாட் கூடுதலாக இருப்பதில் தவறில்லை, ஏனெனில் கணினி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். வாட் குறைந்தால் சார்ஜர் சூடேறும், அல்லது வேலைக்கு நடுவே பேட்டரி இறங்கும்.

முனையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டெல் கணினிகளில் 7.4 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் என இரு வகை உருளை முனைகள் உண்டு; அவற்றின் நடுவிலுள்ள ஊசி சார்ஜரின் திறனைக் கணினிக்குத் தெரிவிப்பதால், அத்தகவலைத் தராத மலிவு நகலைச் செருகினால் கணினி இயங்கினாலும் பேட்டரியில் சார்ஜ் ஏறாமல் போகலாம். கடைக்குக் கணினியையே எடுத்துச் சென்று, சார்ஜ் ஏறுவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.