வாடகைதாரர் காலி செய்யும்போது அட்வான்ஸில் எதைப் பிடிக்கலாம், எப்படிப் பிடிக்க வேண்டும்?

வீட்டைக் காலி செய்கிறவரிடம் "வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை போகும்" என்று சொல்லிவிட்டு மீதி அட்வான்ஸைக் கொடுப்பது தமிழ்நாட்டு வீட்டு உரிமையாளர்களிடையே ஏறக்குறைய ஒரு மரபாகவே ஆகிவிட்டது. உடைந்த கண்ணாடிக்கும் பூட்டுக்கும் நியாயமாகப் பிடிக்கக்கூடிய பணத்தைக் கேட்கத் தயங்குகிற உரிமையாளர்கள்கூட, சட்டம் பொதுவாகத் தங்கள் தலையிலேயே வைத்திருக்கிற வெள்ளையடிப்புச் செலவை மட்டும் கூச்சமின்றிக் கழித்துக்கொள்கிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி (2017-ஆம் ஆண்டுச் சட்டம்) இந்தப் பிடித்தத்தை முறையாகச் செய்வது எப்படி என்பதை ஒரு வீட்டை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

மாத வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 45,000 ரூபாய் உள்ள ஒரு சென்னை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகள் குடியிருந்த குடும்பம் காலி செய்கிறது. படுக்கையறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது, ஒரு கதவின் பூட்டுச் சாவி தொலைந்துவிட்டது, வாஷ்பேசினில் விரிசல் விட்டிருக்கிறது, சுவர்களெல்லாம் மங்கி அங்கங்கே ஆணித் துளைகளோடு இருக்கின்றன.

முதல் படி: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

சட்டத்தின் 15-ஆவது பிரிவு, வழக்கமான தேய்மானம் நீங்கலாக, வீட்டைக் குடிவந்த நாளில் இருந்த நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. எந்தப் பழுது யாருடைய பொறுப்பு என்பதை இரண்டாம் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய்களை மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளருடையவை. வாடகைதாரரால் கட்டடத்துக்கே சேதம் வந்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். குழாய்த் திருகு, வாஷ்பேசின், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை வாடகைதாரருடையவை.

இந்தப் பிரிவினை எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. "காலி செய்யும்போது வண்ணப்பூச்சுச் செலவு வாடகைதாரருடையது" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நீங்கள் அதைக் கேட்கலாம். வாய்மொழி வழக்கத்தையோ பக்கத்து வீட்டுக்காரர் செய்ததையோ காட்டிக் கேட்க முடியாது. நம் எடுத்துக்காட்டு வீட்டின் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்று கொள்வோம். ஆகவே மங்கிய சுவரும் படம் மாட்டிய ஆணித் துளையும் கணக்கில் வராது. டிவி மாட்டத் துளையிட்டதில் பூச்சு ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்ந்திருந்தால் அது தேய்மானமல்ல, சேதம். அந்த இடத்தைப் பூசும் கூலியைக் கேட்பதில் தவறில்லை.

இரண்டாம் படி: இருவரும் சேர்ந்து பாருங்கள்

சாவியை வாங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே, நேரம் சொல்லிவிட்டு, வாடகைதாரரோடு ஒவ்வோர் அறையாக நடந்து பார்த்துக் குறையை எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. குடிவந்த அன்று எடுத்த படங்கள் உங்களிடம் இருந்தால் இந்த வேலை அரை மணி நேரத்தில் முடியும். இல்லையென்றால், அந்த விரிசல் முன்பே இருந்தது என்று அவர் சொல்லும்போது மறுப்பதற்கு உங்கள் கையில் எதுவும் இருக்காது. மின்சார மீட்டர் எண்ணையும் காலி செய்யும் நாளன்று படமெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையே கணக்கெடுப்பதால், கடைசிப் பில் அவர் போன பிறகுதான் வரும்.

மூன்றாம் படி: சரிசெய்ய அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடும் படி இதுதான். வாடகைதாரர் தன் பொறுப்பிலுள்ள பழுதைச் சரிசெய்யத் தவறினால் அல்லது மறுத்தால், உரிமையாளர் அதைச் செய்துவிட்டு ஆன செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்பதுதான் 15-ஆவது பிரிவு சொல்லும் வரிசை. ஆகையால், "கண்ணாடி, பூட்டு, வாஷ்பேசின் மூன்றையும் நீங்களே மாற்றித் தருகிறீர்களா, நான் செய்து கழித்துக்கொள்ளட்டுமா?" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேளுங்கள். வீடு மாற்றும் அவசரத்தில் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று பதில் வரும். அந்த ஒரு வரி பிற்பாடு உங்களுக்குப் பெரிய துணை.

நான்காம் படி: ஆன செலவை மட்டும் கணக்கிடுங்கள்

கண்ணாடி மாற்ற 900 ரூபாய், பூட்டு 650 ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்வோம். வாஷ்பேசினில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. புதியது 3,000 ரூபாய், பிளம்பர் கூலி 800 ரூபாய். ஆனால் உடைந்தது ஏற்கெனவே ஆறு ஆண்டுகள் உழைத்த பேசின். அது இன்னும் ஆறு ஆண்டுகள் உழைத்திருக்கும் என்று கொண்டால், நீங்கள் இழந்தது பாதி விலைதான். அட்டவணையில் இப்படியொரு வாய்ப்பாடு கிடையாது. முழுத் தொகையையும் கேட்கிறவர்கள் உண்டு. என்றாலும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது என்பதால், பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலையைக் கேட்பதைவிடப் பாதி விலையும் முழுக் கூலியுமாக 2,300 ரூபாய் எழுதுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. "சேதம் எதுவானாலும் முழு அட்வான்ஸும் போகும்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் இதே தடை குறுக்கே நிற்கும்.

எல்லாவற்றுக்கும் பெயரும் தேதியும் உள்ள பில் வாங்குங்கள். துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிய தொகை வாக்குவாதத்தைத்தான் வளர்க்கும்.

ஐந்தாம் படி: கணக்கை எழுதி, ஒரு மாதத்துக்குள் திருப்புங்கள்

வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்ப வேண்டும் என்கிறது 11-ஆவது பிரிவு. புதிய ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தருவேன் என்பதற்கு அதில் இடமில்லை. கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"பெற்ற அட்வான்ஸ் ரூ.45,000. கழிவு: ஜன்னல் கண்ணாடி ரூ.900, பூட்டு ரூ.650, வாஷ்பேசின், தேய்மானம் போக, கூலியுடன் ரூ.2,300, கடைசி மின்கட்டணம் ரூ.1,840. மொத்தக் கழிவு ரூ.5,690. தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தியது ரூ.39,310. பில்களின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன."

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். கணக்கில் ஏதேனும் ஒன்றை அவர் மறுத்தால், மறுக்காத தொகையை நிறுத்தி வைக்க வேண்டாம். அதை உடனே அனுப்பிவிட்டு, சர்ச்சைக்குரியதை மட்டும் பேசிக்கொள்ளலாம். பேச்சில் தீராவிட்டால் துணை ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலரைக் கொண்ட வாடகை அதிகார அமைப்பும், அதற்கு மேல் வாடகை நீதிமன்றமும் இருக்கின்றன. ஆனால் உங்கள் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து அந்த அமைப்பிடம் பதிவாகியிருந்தால்தான் அங்கே உங்கள் பேச்சு எடுபடும். பதிவு செய்யாதவர்கள் அடுத்த வாடகைதாரரோடு கையெழுத்திடும்போதே tenancy.tn.gov.in தளத்தில் அதை முடித்துக்கொள்வது நல்லது.