ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மீனும் இறைச்சியும்: பிரிட்ஜில் எத்தனை நாள், பிரீசரில் எத்தனை மாதம்?

பாசையூரில் வாங்கிய சூரையும் விளைமீனும், வழியில் ஒரு கோழி, அதோடு ஊரில் பிரித்த பங்கு இறைச்சி. யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு ஞாயிறு காலையில் சாமான் இப்படித்தான் வந்து சேரும். நாலு பேர் உள்ள வீட்டில் அது ஒரே நாளில் தீராது. செவ்வாயும் வெள்ளியும் சைவம் என்றால் இன்னும் இழுபடும். இந்த நான்கு சாமானையும் வைத்தே, எதை முதலில் சமைப்பது, எதை உடனே உறைய விடுவது என்று பார்ப்போம்.

ஒன்றை மட்டும் முதலில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜில் கிருமிகள் மெதுவாகப் பெருகுமே தவிர, பெருகாமல் நிற்காது. அதனால் அங்கே நாள் கடந்தால் ஆபத்து வயிற்றுக்கு. பிரீசரில் பெருக்கம் நின்றுவிடும், ஆனால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. அங்கே மாதம் கடந்தால் பெரும்பாலும் கெடுவது சுவைதான்.

படி 1: குளிரை அளந்து பாருங்கள்

பிரிட்ஜ் 4 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும், பிரீசர் −18. ஒரு கிளாஸ் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு, நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். கீழே நான் சொல்லும் நாட்கள் எல்லாம் இந்தக் குளிருக்கு உரியவை.

ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் மேலே இருக்கும் ஐஸ் பெட்டி வேறு விஷயம். சிலவற்றின் கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். ஒரு நட்சத்திரம் என்றால் −6 பாகை, அதில் ஒரு வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள். இரண்டு என்றால் −12, ஒரு மாதம். மூன்று இருந்தால்தான் −18. உங்கள் பெட்டியில் ஐஸ்கிரீம் கல்லாக நிற்காமல் குழைந்துபோனால், பின்னால் வரும் மாதக் கணக்கை மறந்துவிடுங்கள்.

படி 2: வீட்டுக்கு வரும் நேரத்தைக் குறையுங்கள்

வெயில் 32 பாகையைத் தாண்டும் நாளில் பச்சை மீனும் இறைச்சியும் குளிருக்கு வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நம் ஊரில் அப்படியான நாட்களுக்குக் குறைவில்லை. ஆகவே மரக்கறியை முதலில் வாங்குங்கள், மீனைக் கடைசியில் வாங்குங்கள். சைக்கிள் கூடையில் ஒரு ஐஸ் பொதி இருந்தால் நல்லது.

படி 3: நான்கையும் நான்கு விதமாகப் பாருங்கள்

சூரையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்கள் பிடிபட்டபின் சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அது உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நல்லதாகவே இருக்கலாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் சொல்பவற்றில் சில உண்மையில் இதுதான். மூச்சு முட்டினால் வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஐஸில் இல்லாமல் வெயிலில் கிடக்கும் சூரையை எவ்வளவு மலிவென்றாலும் நான் வாங்கமாட்டேன். நல்ல சூரை பிரிட்ஜில் ஒன்றிரண்டு நாள் நிற்கும் என்றாலும், வாங்கிய அன்றே சமைப்பது மேல். உறைய வைத்தால் 2 முதல் 3 மாதம். அதன்பிறகு கொழுப்பு காறிப்போய், குழம்பில் பழைய எண்ணெய் வாடை வரும்.

விளைமீனில் கொழுப்புக் குறைவு. அதனால் அது பிரீசரில் 6 முதல் 8 மாதம்வரை தாக்குப்பிடிக்கும். பிரிட்ஜில் அதுவும் ஒன்றிரண்டு நாள்தான். செவுளையும் குடலையும் எடுத்துவிட்டே உள்ளே வையுங்கள், கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும். (திருக்கையும் சுறாவும் இந்தக் கணக்கில் வராது. அவற்றின் சதையில் இயல்பாகவே யூரியா உண்டு, அது விரைவில் அமோனியா மணமாக மாறும். அவற்றை அன்றைக்கே கறியாக்கிவிடுங்கள்.)

கோழி பிரிட்ஜில் ஒன்று முதல் இரண்டு நாள், அதற்கு மேல் வேண்டாம். பிரீசரில் துண்டுகள் 9 மாதம், முழுக்கோழி ஒரு வருடம். கோழியில் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், அதனால் மூடியுள்ள பாத்திரத்தில், அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்து அதன் நீர் சம்பலுக்குள் சொட்டினால், சம்பலை யாரும் திரும்ப அவிக்கப்போவதில்லை.

பங்கு இறைச்சி ஒரே குவியலாக வரும். அதில் ஈரலும் குடலும் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும், சதைத் துண்டுகள் 3 முதல் 5 நாள். ஆகவே வந்தவுடன் பிரித்துவிடுங்கள். பிரீசரில் ஈரல் 3 முதல் 4 மாதம், சதை 4 மாதத்துக்கு மேலும் நிற்கும். இன்னொன்று: காலையில் வெட்டிய ஆட்டின் இறைச்சியை, சூடு ஆறுமுன் நேரே பிரீசரில் போட்டால் பிறகு சமைக்கும்போது ரப்பராக இழுபடும். வெட்டியபின் தசை இறுகி முடிய நேரம் வேண்டும். ஒரு நாள் பிரிட்ஜில் வைத்துவிட்டு உறைய விடுங்கள்.

படி 4: ஒரு வேளைக்கு ஒரு பொதி

ஒரு சமையலுக்கு வேண்டிய அளவைத் தனித்தனிப் பையில் போட்டு, தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். தட்டையான பொதி விரைவில் உறையும், விரைவில் இளகும். காற்றுப் பட்டால் ஈரம் வெளியேறி, மேலே வெளிறிய காய்ந்த திட்டுகள் விழும். அது ஆபத்தில்லை, அந்த இடத்தைச் சீவிவிட்டுச் சமைக்கலாம், ருசி மட்டும் இருக்காது. பொதியில் சாமானின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். உறைந்தபின் பாரையும் விளைமீனும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இந்த வாரத்தை ஓட்டிப் பார்ப்போம்

ஞாயிறு மதியம் சூரைக் குழம்பு, இரவு ஈரல் வறை. விளைமீன் முழுவதும், பாதிக் கோழியும் அன்றே பிரீசருக்கு. திங்கள் மிச்சக் கோழி, அத்துடன் பங்கில் பாதி பிரீசருக்கு. செவ்வாய் சைவம். புதன் பிரிட்ஜில் உள்ள ஆட்டிறைச்சி, மூன்றாம் நாள்தான் ஆகிறது. புதன் இரவே விளைமீன் பொதியை ஒரு தட்டில் வைத்து பிரிட்ஜின் அடித்தட்டுக்கு இறக்கினால் வியாழன் மதியம் குழம்புக்குத் தயார். சிங்க் ஓரத்தில் மணிக்கணக்காக வைத்து இளக்கவேண்டாம். உள்ளே ஐஸ் இருக்கும்போதே வெளிப்பக்கம் சூடேறி, கிருமி பெருகத் தொடங்கிவிடும். அவசரம் என்றால், நீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. அப்படி ஒரு நாள் வந்தால் கதவைத் திறக்காமல் விடுவதுதான் முதல் வேலை. திறக்காத பிரிட்ஜ் சுமார் 4 மணித்தியாலம் குளிரைப் பிடித்துவைக்கும். நிறைந்த பிரீசர் 48, பாதி நிறைந்தது 24. கரண்ட் வந்தபின் பொதியை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஐஸ் கட்டி தட்டுப்பட்டால் திரும்ப உறைய விடலாம், ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சூரைப் பொதி முழுக்க இளகி, எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்று தெரியாவிட்டால், மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், வீசிவிடுங்கள்.